ஜெர்மனியில் எரிசக்திப் படிப்பு: முன்பணம் கட்டுவதற்கு முன்னால்

*என் மகன் 2022இல் பி.இ. இ.இ.இ. முடித்தான். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி, சி.ஜி.பி.ஏ. 7.4. மூன்று வருடமாகக் கோவையில் ஒரு சோலார் கம்பெனியில் வேலை பார்க்கிறான். வெளிநாட்டில் எரிசக்தி தொடர்பாக மேல்படிப்பு படிக்க ஆசைப்படுகிறான். பெர்லினில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் ‘எனர்ஜி அண்ட் கிளைமேட் மேனேஜ்மென்ட்’ படிப்புக்கு 14,500 யூரோ, வேலை நிச்சயம், இந்த வாரமே ஒன்றரை லட்சம் முன்பணம் கட்டுங்கள் என்று மதுரையில் ஒரு கன்சல்டன்சி சொல்கிறது. கட்டலாமா? ஜெர்மனிதான் சரியான நாடா?*
*— ஒரு தந்தை, விருதுநகர்*

கட்ட வேண்டாம். ஜெர்மனி உங்கள் மகனுக்குச் சரியான நாடுதான். அவர்கள் காட்டும் படிப்புதான் சரியில்லை.

ஒரு விஷயத்தை முதலில் புரிந்துகொள்ளுங்கள். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. கட்டணமே இல்லாத இடத்தில் ஏஜென்ட்டுக்குக் கமிஷன் எங்கிருந்து வரும்? தனியார் கல்லூரி ஒவ்வொரு மாணவனுக்கும் கமிஷன் கொடுக்கிறது. அதனால்தான் பையனின் மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன்பே “அரசுப் பல்கலைக்கழகத்தில் உங்களுக்குக் கிடைக்காது” என்று சொல்லிவிடுகிறார்கள். உங்களிடமும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

அந்தத் தனியார் படிப்பில் இன்னொன்றையும் எழுத்தில் கேளுங்கள்: வகுப்பு முழுக்க நேரில் நடக்கிறதா, இல்லை பாதி ஆன்லைனா? படிப்புக்கான ஜெர்மன் விசா நேரில் படிப்பவர்களுக்கானது. ஆன்லைனிலேயே படிக்க முடிகிற படிப்புக்கு ஜெர்மனிக்கு வந்து தங்கத் தேவையில்லை என்று குடியேற்ற அலுவலகம் அனுமதியை மறுக்கிறது. திண்டுக்கல் பக்கத்துப் பையன் ஒருவர் முழுக் கட்டணத்தையும் கட்டி, வந்து எட்டு மாதம் கழித்து அப்படி ஒரு கடிதத்தோடு என்னிடம் வந்தார். அவரைச் சேர்த்துவிட்ட ஏஜென்ட் போனையே எடுக்கவில்லை.

சரி, அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்குமா? இங்கேதான் ஒரு கணக்கு வருகிறது. இதை நீங்களே போட்டுப் பாருங்கள். ஜெர்மனியில் 1 என்பது முதல் தரம், 4 என்பது வெறும் பாஸ். நம்முடைய சி.ஜி.பி.ஏ.வை அதற்கு மாற்ற இந்தச் சூத்திரம்:

```
1 + 3 × (அதிகபட்சம் − பெற்றது) ÷ (அதிகபட்சம் − பாஸ் கிரேடு)
```

அதிகபட்சம் 10, உங்கள் மகன் பெற்றது 7.4. பாஸ் கிரேடு எவ்வளவு என்பதில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். 2018இல் சேர்ந்து 2022இல் முடித்தவர்களுக்கு 2017 ரெகுலேஷன். அதில் கடைசி பாஸ் கிரேடான ‘பி’க்கு 6 புள்ளி. ஏஜென்ட்டின் கால்குலேட்டரில் 4 போட்டிருந்தால் 2.3 என்று அழகாக வரும். 5 போட்டால் 2.56. உண்மையான 6ஐப் போட்டால் 2.95. ஒரே மதிப்பெண், மூன்று விடை. பல படிப்புகளில் 2.5க்கு மேல் போனால் விண்ணப்பத்தையே ஒதுக்கிவிடுவார்கள். 2.3 என்று நம்பிப் பத்து இடத்துக்கு விண்ணப்பித்து, பத்திலும் மறுப்பு வந்த பிறகு “தனியார்தான் வழி” என்று திரும்பி வருகிற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் கிரேடு அட்டவணை அச்சாகியிருக்கும், எடுத்துப் பாருங்கள்.

2.95 என்றால் மியூனிக், ஆஹன் போன்ற பெரிய தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களைத் துரத்த வேண்டாம். தம்பியின் பலம் அவருடைய மூன்று வருட வேலை. அதற்கு மதிப்புக் கொடுக்கும் இடங்களைத் தேட வேண்டும். வடக்கே ஓல்டன்பர்க் பல்கலைக்கழகம் 1987லிருந்து புதுப்பிக்கத்தக்க எரிசக்தியில் ஆங்கிலத்திலேயே முதுகலை நடத்துகிறது. வளரும் நாடுகளிலிருந்து, வேலை பார்த்த அனுபவத்தோடு வருகிறவர்களை மனத்தில் வைத்துத் தொடங்கிய படிப்பு அது. காற்றாலைப் பக்கம் ஆர்வம் என்றால் டென்மார்க் எல்லையில் இருக்கிற ஃப்ளென்ஸ்பர்க் ஹோக்ஷூலேயில் விண்ட் இன்ஜினியரிங் இருக்கிறது. ஹோக்ஷூலே என்பது செய்முறைக்கு முக்கியத்துவம் தரும் அரசுக் கல்லூரி. பட்டத்தின் மதிப்பு குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தென்மேற்கில் ஃப்ரைபர்க் இருக்கிறது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏஜென்ட்டுகள் இதை வைத்துத்தான் பயமுறுத்துகிறார்கள். ஃப்ரைபர்க் இருப்பது பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில். அந்த மாநிலம் 2017 குளிர்காலப் பருவத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. “பார்த்தீர்களா, அரசிலும் கட்டணம்தான்” என்பார்கள். நான்கு பருவம் சேர்த்தாலும் 6,000 யூரோ. உங்களிடம் கேட்கிற 14,500இல் பாதிகூட இல்லை. அதற்கு என்ன கிடைக்கிறது? ஐரோப்பாவின் மிகப் பெரிய சூரிய ஆற்றல் ஆய்வு நிறுவனமான ஃப்ரௌன்ஹோஃபர் ஐ.எஸ்.இ. அதே ஊரில் இருக்கிறது. அங்கே ஆய்வு உதவியாளராகப் பகுதி நேரம் வேலை பார்த்தபடி ஆய்வேட்டை எழுதுகிற மாணவர்கள் உண்டு. இந்தக் கட்டணத்துக்காக ஃப்ரைபர்கைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடாதீர்கள். அதேபோல ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூகே எல்லாம் அதே மாநிலம், அதே 1,500. மற்ற மாநிலங்களில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் இப்படிக் கட்டணம் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் தளத்திலும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காற்றாலைக்கு டென்மார்க்கின் டி.டி.யு., சோலார் செல் ஆராய்ச்சிக்கு ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம், கலவையான எரிசக்திப் படிப்புக்கு நெதர்லாந்தின் டெல்ஃப்ட். மூன்றுமே உலகத் தரம், மூன்றிலும் கட்டணம் உங்களுக்கு மிக அதிகம். பிரிட்டனில் லஃப்பரோ போன்ற இடங்களில் ஒரே வருடத்தில் முடியும். ஆனால் படித்த பின் வேலை தேடத் தரும் இரண்டு வருட அனுமதி, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதமாகக் குறைகிறது. கடன் வாங்கிப் போகிறவருக்கு இது நெருக்கடி.

‘கிளைமேட் மேனேஜ்மென்ட்’ என்ற பெயரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்த வகைப் படிப்பு முடித்தவர்கள் பெரும்பாலும் கம்பெனிகளின் கார்பன் கணக்கு, சுற்றுச்சூழல் அறிக்கை எழுதும் வேலைக்குப் போவார்கள். அந்த அறிக்கைக் கட்டாயத்திலிருந்து பெரும்பாலான கம்பெனிகளை விடுவிக்க ஐரோப்பிய ஆணையம் 2025 பிப்ரவரியில் முன்மொழிந்தது. அதன் பிறகு அந்தச் சந்தை தளர்ந்திருக்கிறது. இ.இ.இ. படித்த பையன் தன் இன்ஜினியரிங்கை விட்டுவிட்டு அங்கே போவது வீண்.

அவருக்கு வேலை இருக்கும் இடம் மின்கட்டமைப்பு, அதாவது கிரிட். ஜெர்மனியில் சோலார் பேனல் செய்யும் தொழிற்சாலைகள் ஏறக்குறைய சீனாவிடம் தோற்றுவிட்டன, அங்கே வேலை தேட வேண்டாம். ஆனால் வடக்கே காற்றாலை மின்சாரம் மிதமிஞ்சி இருக்கிறது. அதைத் தெற்கே கொண்டுபோகக் கம்பி போதவில்லை. காற்று நன்றாக வீசும் நாளில் காற்றாலையை நிறுத்திவைக்கிறார்கள். நம்ம முப்பந்தல் பக்கம் சீசனில் இப்படி நிறுத்திவைத்ததைத் தம்பி கேள்விப்பட்டிருப்பார். புதிதாக ஒரு சோலார் பண்ணையையோ பேட்டரி நிலையத்தையோ இணைத்தால் அந்தக் கம்பியில் வோல்டேஜ் என்ன ஆகும், கோளாறு வந்தால் இன்வெர்ட்டர் தாங்குமா என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துச் சான்று கொடுக்க ஆள் வேண்டும். பவர்ஃபேக்டரி என்கிற மென்பொருளில் இதைச் செய்வார்கள். இரண்டாம் பருவத்திலேயே இந்தப் பாடத்தை எடுக்கச் சொல்லுங்கள். ஊருக்குத் திரும்பி வந்தாலும் இங்கே சோலார் பார்க் இணைப்புக்கு இதே ஆய்வுதான்.

“வேலை நிச்சயம்” என்று யாராலும் எழுதித் தர முடியாது. படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதம் தங்கலாம். புதிதாகப் பட்டம் வாங்கியவருக்கு ப்ளூ கார்டு என்கிற வேலை அனுமதி கிடைக்க 2026இல் வருடச் சம்பளம் சுமார் 46,000 யூரோ இருக்க வேண்டும். இன்ஜினியர் வேலையில் அது எட்டக்கூடிய தொகைதான். தடை மொழி. பாடம் ஆங்கிலத்தில் இருக்கும். ஆனால் மின்வாரியத்தோடும் நகராட்சியோடும் பேசுவது ஜெர்மனில். பி1 என்கிற நடுத்தர நிலை வரைகூட ஜெர்மன் தெரியாமல் 18 மாதமும் உணவு டெலிவரியிலேயே கழித்தவர்கள் இருக்கிறார்கள். கேட்கிற ஒன்றரை லட்சத்தில் ஒரு பகுதியை ஜெர்மன் வகுப்புக்குக் கட்டுங்கள்.

இனி பணமும் காகிதமும். விசாவுக்காக, மாதாமாதம் மட்டுமே எடுக்க முடிகிற முடக்கக் கணக்கில் 11,904 யூரோ போட வேண்டும், இன்றைய மதிப்பில் ஏறக்குறைய 12 லட்சம். அது கட்டணமல்ல, மகனின் சொந்தப் பணம். மாதம் 992 யூரோ அவருக்கே திரும்பி வரும். இதற்கு ‘சர்வீஸ்’ என்று ஏஜென்ட் தன் கணக்கில் போடச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். சான்றிதழ் சரிபார்ப்புக்கு ஏ.பி.எஸ். என்ற அலுவலகம். கட்டணம் 18,000 ரூபாய், aps-india.de தளத்தில் அவரே விண்ணப்பிக்கலாம். மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் மகனிடமே இருக்கட்டும்.

இந்த முறைமேல் எனக்குக் கோபம் உண்டு. ஏ.பி.எஸ்.ஸுக்குக் காத்திருப்பு, பல்கலைக்கழகப் பதிலுக்குக் காத்திருப்பு, தூதரகத் தேதிக்குக் காத்திருப்பு. வகுப்பு அக்டோபரில் தொடங்கும், விசா நவம்பரில் வரும். மறுத்தால் இலவசமாக மறுபரிசீலனை கேட்கும் வழி முன்பு இருந்தது. 2025 ஜூலை 1 முதல் அதையும் எடுத்துவிட்டார்கள். இனி புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், இல்லை கோர்ட்டுக்குப் போக வேண்டும். விருதுநகரிலிருந்து பெர்லின் கோர்ட்டுக்கு யார் போவது? அதனால் முதல் விண்ணப்பமே பிழையில்லாமல் இருக்க வேண்டும். ஏ.பி.எஸ்.ஸை இந்த மாதமே போடச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒன்று, இதை எந்த ஏஜென்ட்டும் சொல்ல மாட்டார். டி.ஏ.ஏ.டி. என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் ‘எபோஸ்’ உதவித்தொகை, குறைந்தது இரண்டு வருட வேலை அனுபவமும், வாங்கி ஆறு வருடம் தாண்டாத பட்டமும் கேட்கிறது. இரண்டும் தம்பியிடம் இருக்கின்றன. கிடைத்தால் மாதாமாதம் செலவுக்குப் பணம் வரும், 12 லட்சம் முடக்கவும் வேண்டாம். எந்தெந்தப் படிப்புக்குத் தருகிறார்கள் என்ற பட்டியல் வருடா வருடம் daad.de தளத்தில் வரும். எரிசக்திப் பகுதியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். கடைசித் தேதிகள் பெரும்பாலும் படிப்பு தொடங்குவதற்கு முந்தைய வருடம் ஆகஸ்ட் முதல் அக்டோபருக்குள் முடிந்துவிடும். கம்பெனியில் அனுபவச் சான்றிதழை லெட்டர்ஹெட்டில், சேர்ந்த தேதியோடும் செய்த வேலையின் விவரத்தோடும் இப்போதே வாங்கி வைக்கட்டும். கையெழுத்துக்காக மட்டும் இரண்டு மாதம் அலைய விடுகிற முதலாளிகள் இருக்கிறார்கள்.