நடுகல் வெயிலில், ஏடு இருட்டில்

கேள்வி: எங்கள் பாட்டனார் பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் நாட்டு வைத்தியர். அவருடைய 84 ஓலை கொண்ட வைத்திய ஏட்டையும் பாட்டியின் கூறைப்பட்டையும் நான்கு வருடத்துக்கு முன் ஓர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தோம். மூன்று முறை போய்ப் பார்த்துவிட்டோம், இரண்டுமே காட்சியில் இல்லை. "உள்ளே பத்திரமாக இருக்கிறது" என்கிறார்கள். வாசலில் நடுகற்கள் வெயிலிலும் மழையிலும் நிற்கின்றன. எங்கள் பொருளை மட்டும் ஏன் பூட்டி வைக்க வேண்டும்? எப்போது வெளியே வரும்? நாங்கள் என்ன கேட்கலாம்?

– வாசகர், தருமபுரி

பதில்: நடுகல்லைச் சொன்னீர்களே, அதிலிருந்தே தொடங்கலாம். நம் பக்கத்து நடுகற்களில் பல்லவர் காலத்து வட்டெழுத்து வெட்டியவை இருக்கின்றன. ஆயிரம் வருடத்துக்கு மேல் வயலிலும் ஏரிக்கரையிலும் நின்றவை. வெளிச்சம் கருங்கல்லை ஒன்றும் செய்யாது. மழை செய்யும், ஆனால் மிக மெதுவாக. எழுத்து தெரியட்டும் என்று சாக்பீஸால் தேய்ப்பவர்களால்தான் அதற்கு அதிகக் கெடுதல். உங்கள் பட்டுச் சேலைக்கோ வெளிச்சமே எதிரி. அதனால் "எது முக்கியம், எது முக்கியமில்லை" என்று தரம் பிரித்துச் சேலையை உள்ளே வைத்தார்கள் என்று நினைக்க வேண்டாம். கல்லால் தாங்க முடிகிறது, துணியால் முடியாது.

உள்ளே இருப்பது விதிவிலக்கும் அல்ல. லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் குறைந்தது 80 லட்சம் பொருட்கள் இருக்கின்றன. மக்கள் பார்வைக்கு இருப்பவை சுமார் 80,000, அதாவது நூற்றுக்கு ஒன்று. சின்ன அருங்காட்சியகத்தில் இந்த விகிதம் கூடும். இருந்தாலும் கூடத்தைவிட ஸ்டோரில்தான் பொருள் அதிகம் என்பது பொதுவான நிலை.

இப்போது வெளிச்சக் கணக்கு. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் அளக்கிறோம். உச்சிவெயில் ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ். நல்ல டியூப்லைட் போட்ட ஆபீஸ் அறை 300 முதல் 500 லக்ஸ். துணி, காகிதம், ஓலை போன்றவற்றுக்கு அருங்காட்சியகங்கள் வைத்துக்கொள்ளும் வரம்பு 50 லக்ஸ். வெளியிலிருந்து வருபவருக்கு முதலில் "என்ன இது, இருட்டாக இருக்கிறதே" என்று தோன்றும், கண் பழகச் சில நிமிடம் ஆகும். லக்ஸை மணிக்கணக்கோடு பெருக்கினால் அந்தப் பொருள் வாங்கிய மொத்த வெளிச்சம் கிடைக்கும். அந்த மொத்தம்தான் கணக்கு. மங்கலான விளக்கில் நீண்ட காலம் வைப்பதும் பளிச்சென்ற விளக்கில் கொஞ்ச காலம் வைப்பதும் கடைசியில் ஒன்றுதான்.

உங்கள் சேலைக்கே போட்டுப் பார்ப்போம். கூடம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 2,400 மணி நேரம். 50 லக்ஸில் வைத்தால் வருடத்துக்கு 1,20,000 லக்ஸ்-மணி. சேலையை மொட்டை மாடிக் கொடியில் உச்சிவெயிலில் ஒரு மணி நேரம் போட்டாலே கிட்டத்தட்ட அவ்வளவு வெளிச்சம் சேர்ந்துவிடும், அதில் புற ஊதாக் கதிர் வேறு. சாயத்தை வெளுக்கச் செய்வது போதாதென்று, பட்டு நூலையே நொறுங்கச் செய்வது அதுதான்.

சீக்கிரம் வெளுக்கும் சாயங்களுக்கு உலக அளவில் பின்பற்றும் வரம்பு வருடத்துக்கு 15,000 லக்ஸ்-மணி. மஞ்சள் சாயம் இந்த வகை, பழைய செயற்கைச் சாயங்களில் பலவும் இந்த வகை. பாட்டியின் கூறைக்கு என்ன சாயம் என்று தெரியாதவரை காப்பாட்சியர் அதை மோசமான வகை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், நானும் அப்படித்தான் எடுத்துக்கொள்வேன். 15,000-ஐ 50 ஆல் வகுத்தால் 300 மணி நேரம். நாளைக்கு 8 மணி நேரம் என்றால் வருடத்துக்கு 37 நாள், அவ்வளவுதான்.

37 நாளுக்காக ஷோகேஸைத் திறந்து மூடுவது வீண் வேலை. அதனால் மூன்று வருடத்துப் பங்கைச் சேர்த்து ஒரே தடவையில் செலவழிப்பார்கள். கூடம் திறந்திருக்கும் நாள் கணக்கில் சுமார் 110 நாள் காட்சி, அப்புறம் மூன்று வருடம் முடியும்வரை இருட்டு. சுழற்சி என்று நாங்கள் சொல்வது இதைத்தான். இதில் பலரும் தப்பாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. இருட்டில் வைத்தால் துணி "ஓய்வெடுத்து" தேறிவிடாது. போன நிறம் போனதுதான். இருட்டு செய்வதெல்லாம் செலவை நிறுத்துவது மட்டுமே, ரேஷன் அரிசியை அளந்து போடுவது மாதிரி.

இதை நான் கணக்கில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. முன்பு வேலை பார்த்த ஓர் அருங்காட்சியகத்தில் அரக்குச் சிவப்புச் சேலை ஒன்றை மடித்தபடி ஜன்னலோரக் கேஸில் வைத்திருந்தோம். எல்லோருக்கும் பிடித்த பொருள், அதனால் எடுக்கவே மனம் வரவில்லை. இரண்டு வருடம் கழித்துப் பூச்சி இருக்கிறதா என்று பார்க்க மடிப்பைப் பிரித்தேன். உள்பக்கம் அரக்கு நிறம், மேல்பக்கம் செங்கல் தூள் நிறம், இரண்டுக்கும் நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல ஓர் எல்லை. தினமும் அந்தக் கேஸைத் தாண்டி நடந்தவன் நான், ஒரு நாளும் கவனிக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வெளுப்பது கண்ணுக்குத் தெரியாது. மறைந்திருந்த பகுதியோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.

ஏட்டின் கதை வேறு. எழுத்தாணிக் கீறலில் தேய்த்த விளக்குக்கரி வெளிச்சத்துக்கு வெளுக்காது. ஓலைதான் நிறம் மாறி முறுகும். ஆனால் ஏட்டுக்கு ஒரு வசதி இருக்கிறது: அதில் 84 ஓலை. கட்டைப் பிரித்து ஓர் ஓலையை மட்டும் தாங்கியில் வைத்து, மற்றதை இருட்டில் வைக்கலாம். மூன்று மாதத்துக்கு ஓர் ஓலை என்று மாற்றினால், முதல் ஓலையின் முறை மறுபடி வர 21 வருடம் ஆகும். ஏடு எப்போதும் காட்சியில் இருக்கும், எந்த ஓலையும் அதிகம் வெளிச்சம் வாங்காது. மாற்றும்போது ஓலையின் இடப்பக்க ஓரத்தில் உள்ள தமிழ் எண்ணைப் பார்த்து வரிசை தப்பாமல் திரும்பக் கோக்க வேண்டும். ௩-க்கும் ௬-க்கும் குழம்பி வரிசை கலைந்த கட்டுகளைப் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் ஏன் அதைச் செய்யவில்லை என்று கேட்பீர்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கேஸ் மாற்றுவது அரை நாள் வேலை: இரண்டு பேர், பொருளின் நிலையைக் குறிப்பெழுதிப் படமெடுப்பது, பதிவேட்டில் இடம் மாற்றி எழுதுவது, புது விவர அட்டை. ஆள் குறைந்த இடங்களில் சுழற்சி அட்டவணை சுவரில் தொங்கும், கேஸ் மாறாது. அது குறைதான், கேட்கலாம். ஆனால் சேலையை நிரந்தரமாக வெளியே வையுங்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்.

எதை எடுத்துக் காட்டுவது என்பதை அழகை வைத்து மட்டும் முடிவு செய்வதில்லை. கூடத்தில் சொல்லும் கதைக்கு அது பொருந்த வேண்டும், கையாளத் தாங்க வேண்டும், அதே மாதிரி வேறொன்று ஏற்கெனவே இருக்கக் கூடாது. வைத்திய ஏடு ஸ்டோரில் பத்து இருக்கலாம். பத்தில் ஒன்றை எடுக்கும்போது நான் பார்ப்பது, யாருடையது, எந்த ஊர், எந்த நோய்க்குப் பயன்பட்டது என்பது தெரிகிறதா என்று. முத்து முத்தான எழுத்துள்ள, பூர்வீகம் தெரியாத ஏட்டைவிட, ஓரம் அரித்திருந்தாலும் "இன்ன ஊர் வைத்தியருடையது, மஞ்சள்காமாலைக்கு மருந்து கொடுத்தவர்" என்று சொல்ல முடிகிற ஏடு முந்தும். இந்த இடத்தில் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. பாட்டனார் பெயர், ஊர், காலம், அவரிடம் மருந்து வாங்கியவர்கள் சொன்ன சேதி, அவருடைய புகைப்படம், மருந்து இடித்த கல்வம் இருந்தால் அதன் படம், எல்லாவற்றையும் இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். சேலைக்கும் அப்படியே: கல்யாணம் எந்த வருடம், எங்கே நெய்தது, யார் எடுத்துக் கொடுத்தது. பொருளின் கோப்பில் அது சேர்ந்துவிட்டால் காப்பாட்சியர் மாறினாலும் கதை மாறாது.

அடுத்து, உங்கள் கவலை நியாயமாக இருக்கக்கூடிய இடம் ஸ்டோர்தான். நல்ல ஸ்டோரில் சேலை மடிக்காமல், கஞ்சி நீக்கிய காடாத் துணி வைத்துக் குழாயில் சுருட்டியிருக்கும். மடித்தால் ஜரிகை மடிப்பிலேயே முறியும். ஏடு மரப்பலகைகளுக்கு நடுவே, துணியில் சுற்றி, தரையிலிருந்து ஒரு சாணாவது உயரத்தில் இருக்கும். ஐப்பசி மழையில் சுவர் ஓதம் ஏறும்போது தரையோடு ஒட்டிய அலமாரிதான் முதலில் பாழாகும். பூச்சி அடையாளம் எளிது: கட்டுக்குக் கீழே மாவு மாதிரித் தூள், ஓலையில் குண்டூசித் துளைகள். தூளைத் துடைத்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். மறுபடி தூள் இருந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது. இல்லையென்றால் பழைய அரிப்பு.

பூச்சியைவிட நான் பயப்படுவது எண் தொலைவதற்கு. பொருள் உள்ளே வந்ததும் சேர்க்கைப் பதிவேட்டில் ஓர் எண் போட்டு, அதே எண்ணைப் பொருளிலும் கட்டுவார்கள். அந்தச் சீட்டு அறுந்தால் உங்கள் பாட்டனார் ஏடு பெயர் தெரியாத பதினோராவது ஏடாகிவிடும். ஸ்டோரிலேயே இருக்கும், ஆனால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

அதனால் காப்பாட்சியருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், பணிவாகவே. கொடுத்த தேதியையும் ரசீதையும் குறிப்பிட்டு மூன்று விஷயம் கேளுங்கள்: இரண்டு பொருளின் சேர்க்கை எண், இப்போது எந்த அலமாரியில் இருக்கிறது, கடைசியாக எப்போது நிலை பார்த்தார்கள். கூடவே, ஒரு நாள் குறித்துக் கொடுத்தால் குடும்பத்தோடு வந்து உள்ளேயே பார்க்கிறோம் என்று எழுதுங்கள். பல அருங்காட்சியகங்கள் முன்கூட்டிக் கேட்டால் அனுமதிக்கும். அரசு அருங்காட்சியகமாக இருந்து பதில் வராவிட்டால் 2005-ஆம் வருடத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அதே மூன்று கேள்வியைப் போடலாம். முதல் கடிதத்திலேயே அதை எடுக்க வேண்டாம், மனக்கசப்புதான் மிஞ்சும்.

எப்போது வெளியே வரும் என்பதற்கு என் கணிப்பு இது. கதை எழுதிக் கொடுத்தால் ஏட்டின் ஓர் ஓலை அடுத்த முறை கேஸ் மாற்றும்போதே வரலாம். சேலையைச் சிறப்புக் கண்காட்சியில், சில வாரங்களுக்குத்தான் பார்ப்பீர்கள். ஜப்பானில் ஷோசோயின் கருவூலத்தில் சுமார் 9,000 பொருட்கள் உண்டு. வருடத்துக்கு ஒரு முறை, இலையுதிர் காலத்தில் ஏறக்குறைய இரண்டு வாரம், அறுபது சொச்சம் பொருளை மட்டும் நாரா நகரில் வெளியே எடுப்பார்கள். ஆயிரத்து இருநூறு வருடத்துக்கு மேல் பழைய பட்டு அங்கே இன்னும் நிறத்தோடு இருக்கிறது.

கூறைப்பட்டை எடுக்கும் தேதி முடிவானால் முன்கூட்டியே தெரிவிக்கும்படி அந்தக் கடிதத்திலேயே ஒரு வரி சேர்த்து, செல்போன் எண்ணையும் எழுதிவிடுங்கள்.