விலை மலிவு எது என்பதை ஒரு மணித்தியாலத்துக்கான கட்டணத்தில் பாருங்கள்

கேள்வி: மகள் உயர்தரம் வர்த்தகப் பிரிவில் எடுத்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். அலுவலக வேலைக்குப் போக விருப்பம். யாழ்ப்பாணத்தில் மூன்று கணினி வகுப்புகளை விசாரித்தோம். முதலாவது 6 மாத டிப்ளோமா, கிழமைக்கு இரண்டு நாள் இரண்டு இரண்டு மணித்தியாலம், 48,000 ரூபாய். இரண்டாவது 6 மாதம், திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் 3 மணித்தியாலம், என்.வி.கியூ என்ற தேசியத் தொழில் தகைமையில் மட்டம் 3 என்கிறார்கள், எல்லாம் சேர்த்து 85,000. மூன்றாவது 4 மாதம், சனி ஞாயிறு மூன்று மூன்று மணித்தியாலம், வெளிநாட்டுச் சான்றிதழ், வேலைக்கு உத்தரவாதம், 120,000. இந்தக் கிழமைக்குள் முழுதாகக் கட்டினால் 102,000 என்கிறார்கள். நகையை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறேன். எதில் சேர்க்கலாம்?

பதில்: நகையைத் தொட வேண்டாம். முதலில் மூன்று இடத்திலும் மொத்தக் கட்டணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலாவது இடத்தில் பதிவுக் கட்டணம், பரீட்சைக் கட்டணம் தனியாக இருக்கும். உதாரணத்துக்குப் பதிவு 3,000, பரீட்சை 7,500 என்று வைத்தால், 48,000 அல்ல, 58,500 ஆகிறது.

சரி, இப்போது மணித்தியாலம். 6 மாதத்தில் 26 கிழமை இருந்தாலும், சித்திரைப் புத்தாண்டு, நல்லூர்த் திருவிழா, மழைநாட்கள் எல்லாம் கழித்தால் 24 என்று பிடிப்பதே நியாயம். முதலாவது இடம் 96 மணித்தியாலம். மணிக்குச் சுமார் 609 ரூபாய். இரண்டாவது 360 மணித்தியாலம், மணிக்கு 236. மூன்றாவதை 16 கிழமையாகப் பிடித்தால் அதுவும் 96 மணித்தியாலம்தான். கழிவு போக மணிக்கு 1,062. விலைப்பட்டியலில் நடுவில் நிற்பதுதான் உண்மையில் மிக மலிவு. தவறிய வகுப்புக்கு மாற்று வகுப்பு உண்டா என்றும், ஒரு பிள்ளைக்கு ஒரு கணினியா என்றும் கேளுங்கள். இரண்டு பேர் ஒரு கணினியில் இருந்தால், கை வைத்துப் பழகும் நேரம் பாதியாகிவிடும்.

இதைவிட முக்கியமானது சான்றிதழ். மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் ‘பதிவு செய்யப்பட்ட நிறுவனம்’ என்று சுவரில் ஒரு பத்திரம் தொங்கும். அது நிறுவனத்துக்கான பதிவு மட்டும். என்.வி.கியூ சான்றிதழ் கிடைக்க, குறிப்பிட்ட அந்தப் பாடநெறி தனியாகத் தரச்சான்று பெற்றிருக்க வேண்டும். பல பெற்றோர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். அதனால் இரண்டாவது இடத்தில் பாடநெறியின் பெயர், மட்டம், செல்லுபடியாகும் திகதி, யாழ்ப்பாணக் கிளையின் முகவரி ஆகிய நான்கும் உள்ள பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். பிறகு tvec.gov.lk தளத்தில் அல்லது ஆணைக்குழுவிடம் நேரில் கேட்டுச் சரிபாருங்கள். ‘விண்ணப்பித்திருக்கிறோம், விரைவில் வரும்’ என்றால், இப்போது இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது இடத்தின் ‘டிப்ளோமா’ என்ற பெயரும் கவனிக்க வேண்டியது. என்.வி.கியூ முறையில் டிப்ளோமா என்றால் மட்டம் 5. 96 மணித்தியாலத்தில் அந்த நிலைக்குப் போக முடியாது. அது அந்த நிறுவனம் தானே அச்சடித்துத் தரும் பத்திரம். மூன்றாவது இடத்தின் வெளிநாட்டுச் சான்றிதழை எந்த அமைப்பு வழங்குகிறது, பரீட்சையை யார் நடத்தித் திருத்துகிறார்கள் என்று கேளுங்கள். உங்கள் மகள் விண்ணப்பிக்கக்கூடிய இரண்டு மூன்று அலுவலகங்களில் அந்தப் பெயரைச் சொல்லி, இதை ஏற்பீர்களா என்று கேட்டுவிடுங்கள்.

வேலை உத்தரவாதம் பற்றி: ‘உத்தரவாதம்’ வாயில் இருக்கும், ஒப்பந்தத்தில் ‘வேலை தேட உதவி’ என்று இருக்கும். கடைசி அணியைப் பற்றிக் கேளுங்கள்: சேர்ந்தவர் எத்தனை, முடித்தவர் எத்தனை, சம்பளத்துக்கு வேலை செய்பவர் எத்தனை? உதாரணமாக 40 பேர் சேர்ந்து 25 பேர் முடித்து, 20 பேருக்கு ‘இடம்’ கிடைத்தால், விளம்பரத்தில் 80 வீதம் என்று வரும். அந்த 20 பேரில் 12 பேர் சம்பளமில்லாத பயிற்சியாளராக இருந்தால், சம்பளம் எடுப்பவர் 8 பேர். சேர்ந்த 40 பேரில் அது 20 வீதம். முடித்த பிள்ளைகள் இரண்டு பேரின் தொடர்பைக் கேட்டுப் பேசுங்கள். வேலை கிடைக்காவிட்டால் காசு திரும்ப வருமா, எத்தனை நாளில் வரும் என்பது எழுத்தில் இல்லாவிட்டால் அந்த வாக்குறுதிக்கு விலை கொடுக்காதீர்கள். 18,000 ரூபாய் கழிவுக்காக அவசரப்படவும் வேண்டாம். முழுக் காசையும் முன்கூட்டியே கட்டிவிட்டால், வகுப்பு சரியில்லை என்று இடையில் விலகும்போது கேட்க உங்கள் கையில் ஒன்றும் இராது. அடகு வட்டியோ ஓடிக்கொண்டிருக்கும்.

ஆகவே இரண்டாவது இடம், தரச்சான்று உண்மையென்றால் மட்டும். மாதத் தவணையாகக் கட்டி, ஒவ்வொரு தடவையும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். மட்டம் 3 அலுவலகக் கணினி வேலைக்கு அடித்தளம்தான். பிறகு மட்டம் 4 செய்யலாம். தரச்சான்று இல்லையென்று தெரிந்தால் மூன்றையும் விட்டுவிட்டு, யாழ்ப்பாணம் தொழில்நுட்பக் கல்லூரி, தொழிற்பயிற்சி அதிகாரசபை, கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் ஆகியவற்றில் அடுத்த சேர்க்கை எப்போது என்று விசாரியுங்கள். அரச இடங்களில் செலவு மிகக் குறைவு. ஆனால் இடங்கள் மட்டுப்பட்டவை, ஆண்டில் குறிப்பிட்ட நேரத்தில்தான் விண்ணப்பம் கோருவார்கள். அதனால் தனியார் இடத்தில் காசு கட்டுவதற்கு முன்பே அரச இடத்தில் ஒரு விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.