விடை தப்பு, வழி சரி: எத்தனை மார்க்?

"பத்தாம் வகுப்பு பயிற்சித்தாளில் வடிவியல் கணக்குக்கு 5 மார்க். முதல் வரியில் தப்பு செய்துவிட்டு மீதியைச் சரியாகப் போட்டவனுக்கு எவ்வளவு போடுவது? ஒரு தாளுக்கு 2, இன்னொன்றுக்கு 4 என்று என் கையே மாறுகிறது."

தாளைக் கையில் எடுக்கும் முன், கணக்கை நீங்களே போட்டு, ஒவ்வொரு மார்க்கும் எந்த வரிக்கு என்று எழுதிவையுங்கள். ஒரு கணக்கைப் பார்ப்போம். O மையம், ஆரம் 5 செ.மீ. OP = 13 செ.மீ. P-யிலிருந்து PA, PB என இரு தொடுகோடுகள். நாற்கரம் PAOB-யின் பரப்பு என்ன?

தொடுபுள்ளியில் ஆரம் தொடுகோட்டுக்குச் செங்குத்து என்று காரணம் சொல்லி ∠OAP = 90° எழுதினால் 1. PA² = 13² − 5² என்று அமைத்தால் 1, PA = 12 என்று கண்டால் 1. முக்கோணம் OAP-யின் பரப்பு 30-க்கு 1. இரு முக்கோணங்களும் சர்வசமம், அதனால் 60 ச.செ.மீ என்று முடித்தால் கடைசி 1.

இப்போது இரண்டு தாள்கள். முதல் பையன் 169 − 25 = 134 என்று கழித்துவிட்டான். PA = √134 என்று வைத்து, பிசகாமல் 5√134-க்கு வந்து சேர்ந்தான். 12-க்கான ஒரு மார்க் மட்டும் போகும், அவனுக்கு 4. தன் எண்ணை வைத்து அவன் சரியாகத்தான் போயிருக்கிறான். அதே தப்புக்கு மறுபடி வெட்டக் கூடாது. இதற்கு அவன் எண்ணைப் போட்டு நீங்களும் கணக்கை முடித்துப் பார்க்க வேண்டும். நேரம் பிடிக்கும், ஆனால் வேறு வழியில்லை.

இரண்டாமவள் PA² = 13² + 5² என்று எழுதினாள். கழித்தல் பிசகல்ல இது. கர்ணம் எது என்றே பிடிபடவில்லை. √194 என்பது 13-ஐவிடப் பெரிது. கர்ணத்தைவிட நீளமான பக்கம் வந்தும் அவள் கவனிக்கவில்லை. அமைப்புக்கு மார்க் இல்லையென்றால் அதிலிருந்து வரும் மதிப்புக்கும் இல்லை. மீதி சரியாக இருந்தால் 3.

தப்பைத் தொடர்ந்து மார்க் கொடுப்பதற்கு ஓர் எல்லை உண்டு. PAOB ஐந்து செ.மீ பக்கமுள்ள சதுரம் என்று தானாக எடுத்துக்கொண்டு 25 என்று எழுதினால், கணக்கே வேறாகிவிட்டது. தேற்றமும் தேவைப்படவில்லை, முக்கோணமும் தேவைப்படவில்லை. தப்பு கணக்கை எளிதாக்கிவிட்டால், தாண்டிப்போன படிகளுக்கு மார்க் கிடையாது. இங்கே 0 தான், மனம் கேட்காவிட்டாலும்.

'PA = 12, 12 × 5 = 60' என்று மட்டும் எழுதும் கெட்டிக்காரப் பிள்ளையும் இருக்கும். 5, 12, 13 அதற்கு மனப்பாடம். நடு மூன்று மார்க்கையும் கொடுங்கள். இரண்டு காரணங்கள் எழுதப்படவில்லை, அந்த 2 போகும். 'காரணம் எழுதுக' என்று தாளிலேயே அச்சிட்டிருந்தால்தான் இது நியாயம்.

அப்புறம், தாள் தாளாகத் திருத்தாதீர்கள். எல்லாத் தாளிலும் இந்த ஒரு கணக்கை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். திட்டத்தில் இல்லாத வழியில் ஒருவர் போட்டிருந்தால், அதற்கு என்ன கொடுத்தீர்கள் என்று திட்டத்தின் ஓரத்தில் குறித்துவையுங்கள். பத்தாவது தாளில் அப்படி ஒன்று முளைத்தால், முதல் ஒன்பதையும் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிடுங்கள்.