ரிலே ஏன் ஓயாமல் அடிக்கிறது? ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசர் கேள்வி-பதில்

மின்சாரம் போய் வந்தால் என் ஸ்டெபிலைசர் மூன்று நிமிடம் கழித்துத்தான் ஃபிரிட்ஜுக்குச் சப்ளை தருகிறது. பழுதா?

பழுதில்லை. நின்ற கம்ப்ரெசருக்குள் இரண்டு பக்க அழுத்தமும் சமமாக அவ்வளவு நேரம் வேண்டும். அந்தத் தாமதத்தை எடுத்துவிடச் சொல்பவரிடம் பெட்டியைக் கொடுக்காதீர்கள்.

மாலை நேரத்தில் வோல்டேஜ் 200 பக்கம் வந்தால் ரிலே 'டக் டக்' என்று ஓயாமல் அடித்துக்கொள்கிறது. காலையில் அமைதி. வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

உங்கள் பெட்டியில் ஹிஸ்டெரிசிஸ், அதாவது ரிலே மாறும் வோல்டேஜுக்கும் திரும்ப மாறும் வோல்டேஜுக்கும் நடுவே உள்ள இடைவெளி, போய்விட்டது, அல்லது தொடக்கத்திலேயே இல்லை. ஸ்டெபிலைசர் வாங்குபவர்கள் யாரும் இதைக் கேட்பதில்லை, அட்டைப்பெட்டியிலும் அச்சிடுவதில்லை. எனக்குப் பல காலமாக இருக்கும் ஆதங்கம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உள்ளே இரண்டு வோல்டேஜ்களில் எது பெரிது என்று ஒப்பிடும் கம்பேரட்டர் ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் எல்எம்324 போன்ற ஐசியின் நான்கு பகுதிகளில் ஒன்று. மின்கம்பியின் வோல்டேஜைச் சிறிதாக்கி, டிசியாக மாற்றி அதற்குக் கொடுப்பார்கள். 230 வோல்ட் 4.6 வோல்ட்டாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது மின்கம்பியில் ஒரு வோல்ட் என்றால் ஐசியின் காலில் 20 மில்லிவோல்ட். 200 வோல்ட்டுக்கு 4.0 வருகிறது. ஜீனர் என்ற டயோடிலிருந்து வரும் நிலையான வோல்டேஜோடு இதை ஒப்பிட்டு, 200-க்குக் கீழே போனதும் ரிலே, டிரான்ஸ்ஃபார்மர் சுற்றின் இணைப்பு முனையான டேப்பை மாற்றி 15 சதவீதம் ஏற்றிக் கொடுக்கும். 200 உள்ளே வந்தால் 230 வெளியே போகும்.

இறங்கும்போதும் ஏறும்போதும் அதே 200-ல் மாறினால் என்ன ஆகும்? பக்கத்து வீட்டு மோட்டார் ஓடினாலே இரண்டு வோல்ட் ஆடும். ஆடும் ஒவ்வொரு முறையும் ரிலே மாறும். அதனால் கம்பேரட்டரின் வெளியீட்டிலிருந்து அதன் பிளஸ் உள்ளீட்டுக்கு ஒரு பெரிய ரெசிஸ்டரைத் திருப்பிப் போடுவார்கள். இறங்கும்போது 200-ல் மாறிய ரிலே, ஏறும்போது 208 வரை காத்திருக்கும். இந்த இடைவெளிதான் ஹிஸ்டெரிசிஸ்.

கணக்கு எளிது. சிக்னல் 10 கிலோ ஓம் வழியாக வருகிறது, திருப்பிப் போட்டது 680 கிலோ ஓம், 12 வோல்ட் சப்ளையில் எல்எம்324-இன் வெளியீடு பூஜ்யத்துக்கும் ஏறத்தாழ 10.5 வோல்ட்டுக்கும் இடையே தாவுகிறது என்றால்:

10.5 × 10 ÷ 680 = 0.154 வோல்ட்

20 மில்லிவோல்ட்டால் வகுத்தால் மின்கம்பியில் 7.7 வோல்ட். ஃபிரிட்ஜுக்கு இது சரியான அளவு. கம்ப்ரெசர் கிளம்பும்போது வோல்டேஜ் 203-லிருந்து ஆறு வோல்ட் சரிந்து 197 ஆகிறது, ரிலே மாறுகிறது. கிளம்பி முடிந்து 203-க்குத் திரும்பினாலும் 208-ஐத் தொடாததால் ரிலே அசையாது. வெளியே 233 தான், ஃபிரிட்ஜுக்கு ஒரு குறையும் இல்லை.

அப்படியானால் 30 வோல்ட் இடைவெளி இன்னும் நல்லதா? இல்லை. 230 உள்ளே வரும்வரை ஏற்றிக்கொண்டே இருக்கும், வெளியே 264 போகும்.

பழுது பார்ப்பவரிடம் இந்த இடைவெளியை ஃபிரிட்ஜ் இல்லாமல் சோதிக்கச் சொல்லுங்கள். வெளியீட்டில் ஒரு 100 வாட் குண்டு பல்பு, உள்ளீட்டில் வோல்டேஜை ஏற்றி இறக்கும் வேரியாக், ஒரு மல்டிமீட்டர் போதும். 230-லிருந்து மெதுவாக இறக்கி, ரிலே அடிக்கும் வோல்டேஜைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு மெதுவாக ஏற்றி, திரும்ப அடிக்கும் இடத்தையும் குறிக்க வேண்டும். 200, 208 என்று வந்தால் நலம். 199, 200 என்று வந்தால் அந்தப் பெரிய ரெசிஸ்டர் அறுந்திருக்கிறது, அல்லது அதன் சால்டர் விட்டிருக்கிறது.

இடைவெளி சரியாக இருந்தும் மாறும் இடத்தில் ரிலே அதிர்ந்தால், சிக்னலை வடிகட்டும் கெபாசிட்டர் காய்ந்திருக்கும். அங்கே 160 மில்லிவோல்ட் அலை இருந்தால் அது 8 வோல்ட்டுக்குச் சமம், இடைவெளி முழுவதையும் விழுங்கிவிடும். இரண்டுமே சில்லறைப் பாகங்கள்தான். ஆனால் வீட்டில் திறந்து பார்க்க வேண்டாம். ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் மின்கம்பியிலிருந்து பிரித்து வைப்பதில்லை, போர்டு முழுவதும் ஷாக் அடிக்கலாம்.

பாகங்கள் எல்லாம் சரியாக இருந்தும் அடித்தால் வடிவமைப்பே தவறு. சில மலிவுப் பெட்டிகளில் ரிலே, டிரான்ஸ்ஃபார்மரின் உள்ளீட்டுப் பக்க டேப்பை மாற்றும். சிக்னலும் அதே டிரான்ஸ்ஃபார்மரில் சுற்றிய சிறு சுற்றிலிருந்து வரும். ரிலே மாறியதும் அந்தச் சிக்னலும் 15 சதவீதம் எகிறும். 200 இருந்த இடத்தில் கம்பேரட்டருக்கு 230 தெரியும், உடனே பழையபடி மாற்றும், மறுபடி 200 தெரியும். இதற்கு 7.7 வோல்ட் இடைவெளி எந்த மூலைக்கு? 30-க்கு மேல் வேண்டும். வேரியாக்கை 195-ல் அசையாமல் நிறுத்தியும் ரிலே தானாக அடித்தால் இதுதான் காரணம். திருப்பிக் கொடுத்து வேறு கேளுங்கள், உத்தரவாதக் காலம் மிச்சமிருக்கிறது. அடிக்க விட்டு வைக்காதீர்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் முனைகளில் பொறி பறக்கும்; ஒருநாள் ஏற்றும் பக்கத்தில் ஒட்டிக்கொண்டால் 240 உள்ளே வரும்போது 276 வெளியே போகும்.

இதே சத்தத்துக்கு ஒருவரிடம் கொடுத்தேன். போர்டையே மாற்றியதாகச் சொல்லி முழுப் பணம் வாங்கினார். சத்தம் நின்றது. இப்போது வோல்டேஜ் 175 ஆனால் கம்ப்ரெசர் முனகிவிட்டு நின்றுவிடுகிறது.

உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை. சத்தம் நின்றதைக் கேட்டுவிட்டுத்தானே பணம் கொடுத்தீர்கள்.

அவர் செய்தது பெரும்பாலும் ரிலே மாறும் வோல்டேஜை அமைக்கும் சிறு திருகு ரெசிஸ்டரான பிரீசெட்டை ஒரு திருகு திருகியதுதான். பிரீசெட் இடைவெளியை அகலமாக்காது. இரண்டு புள்ளிகளையும் சேர்த்துக் கீழே இறக்கும். 200-ல் மாற வேண்டியது 170-ல் மாறுகிறது. உங்கள் மாலை வோல்டேஜ் அந்த இடத்துக்கு வராததால் சத்தம் இல்லை, ஏற்றமும் இல்லை. மோட்டாரின் கிளம்பும் விசை வோல்டேஜின் வர்க்கத்தோடு குறையும். 175-ல் முழு விசையில் 58 சதவீதம்தான் மிச்சம். ஏற்றியிருந்தால் வெளியே 201, விசை 76 சதவீதம். அந்த வித்தியாசத்தில்தான் கம்ப்ரெசர் முனகி நிற்கிறது.

பெட்டியை அவர் எதிரிலேயே திறக்கச் சொல்லுங்கள். போர்டில் பழைய தூசி இருந்து, பிரீசெட் மேல் வைத்த பெயின்ட் முத்திரை மட்டும் உடைந்திருந்தால் போர்டு மாறவில்லை. கழற்றிய பழைய போர்டையும் கேளுங்கள். பணத்தைத் திரும்பக் கேட்க அது போதும். அதுவரை மாலையில் ஃபிரிட்ஜை அணைத்து வையுங்கள்.

உள்ளீடு 140 முதல் 280 என்று போட்டிருந்ததால் வாங்கினேன். ஃபிரிட்ஜோடு மிக்சி, டிவி எல்லாம் இதில்தான். இப்போது சூடாகிறது.

ஆகத்தான் செய்யும். ஃபிரிட்ஜுக்கென்று விற்ற பெட்டியில் மிக்சியைச் செருகச் சொன்னது யார்? அதைக் கழற்றுங்கள். வெளியீடு எவ்வளவு என்று பார்க்காமல் உள்ளீட்டை மட்டும் பார்த்து வாங்குவதை நிறுத்துங்கள்.

டிஸ்ப்ளே உள்ள ஸ்டெபிலைசர் வாங்கலாமா?

வாங்கலாம், நம்ப வேண்டாம். நான் வாங்கிய ஒன்று வெளியே 243 போகும்போதும் 220 என்றே காட்டியது. மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்.

புது இன்வர்ட்டர் ஃபிரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் தேவையா?

ஃபிரிட்ஜோடு வந்த கையேட்டில் எத்தனை வோல்ட்டிலிருந்து எத்தனை வரை தாங்கும் என்று இருக்கும். உங்கள் வீட்டில் காலை, மாலை, நள்ளிரவு மூன்று வேளையும் அளந்து பாருங்கள். அதற்குள் இருந்தால் தேவையில்லை.