சப்ளையர் தாமதம்: ஆர்டரை ரத்து செய்வது எப்படி?

"தீபாவளிக்கு 500 பலகாரப் பெட்டி, கடைப் பெயர் அச்சடித்து, 21 நாளில் தருவதாகச் சொன்னார்கள். 30 நாளாகிவிட்டது. பகைத்துக்கொள்ளாமல் எப்படி ரத்து செய்வது?"

முதலில் அந்த 21 நாள் எப்போது தொடங்கியது என்று பாருங்கள். அச்சு வேலையில் பெரும்பாலும் டிசைனுக்கு நீங்கள் 'ஓகே' சொன்ன நாளிலிருந்துதான் எண்ணுவார்கள். அதை நீங்களே ஒரு வாரம் தாமதித்திருந்தால் பேச்சு மாறிவிடும்.

கெடு தாண்டிய பிறகும் "எப்போ வரும் அண்ணே?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டிருந்தீர்களா? அப்படியென்றால் உடனே ரத்து செய்யாதீர்கள். காத்திருக்கச் சம்மதித்ததாக அவர் வாதிடலாம். நியாயமான கடைசி நாள் ஒன்றை எழுத்தில் கொடுங்கள். நானும் சிங்கப்பூர் தேக்காவில் கடை நடத்துகிறேன், போன வருடம் இப்படித்தான் எழுதினேன்:

"வெள்ளி மாலை 5 மணிக்குள் பெட்டிகள் கடைக்கு வராவிட்டால் ஆர்டர் ரத்து. முன்பணத்தைத் திருப்பித் தாருங்கள். பொங்கலுக்கு 100 பெட்டி தேவைப்படும், அதற்கு உங்கள் விலையை அனுப்புங்கள்."

அந்தக் கடைசி வரியில்தான் உறவு நிற்கிறது, ஆனால் உண்மையிலேயே வாங்குவதாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். திட்டு வேண்டாம், நஷ்டக் கணக்கும் வேண்டாம். அப்புறம், அனுப்புவதற்கு முன் ஒரு போன் போட்டுவிடுங்கள். பெட்டி அச்சாகி லாரியில் ஏறியிருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.