கூச்சத்தில் அடக்கினால் மலம் கசியுமா?

"பையன் ஸ்கூல் டாய்லெட்டுக்கே போக மாட்டேங்கிறான். இப்போ ஜட்டியில் கறை படியுது. வயிற்றுப்போக்கா?"

பெரும்பாலும் மலச்சிக்கல்தான். தண்டையார்பேட்டையில் என் அக்கா மகனுக்கும் இதேதான் நடந்தது. பள்ளிக் கழிவறைக் கதவில் தாழ்ப்பாள் கிடையாது, வெளியே பையன்கள் சிரிப்பார்கள் என்ற கூச்சத்தில் சாயங்காலம் வரை அடக்குவான், தண்ணீர் பாட்டிலும் குடிக்காமல் அப்படியே திரும்பி வரும். அடக்க அடக்க குடல் நீரை உறிஞ்சி மலம் கெட்டியாகும், போகும்போது வலிக்கும், வலிக்குப் பயந்து இன்னும் அடக்குவான். நாளடைவில் மலக்குடல் விரிந்து, வருகிற உணர்வே மங்கிவிடும். அப்புறம் மேலிருந்து வரும் இளகிய மலம் அந்தக் கெட்டி மலத்தைச் சுற்றி அவனுக்கே தெரியாமல் கசியும். தயவுசெய்து திட்டாதீர்கள்.

அக்கா வயிற்றுப்போக்கை நிறுத்தும் மருந்து கேட்டுத்தான் போனாள். டாக்டர் அடிவயிற்றை அழுத்திப் பார்த்தே மலக்கட்டியைக் கண்டுபிடித்துவிட்டார். முதலில் அடைப்பை இளக்க மருந்து, பிறகு மலத்தை இளக்கமாகவே வைக்கப் பல மாதம் லாக்டுலோஸ் மருந்து. சாப்பிட்டதும் குடல் தானாக அசையும் என்பதால் காலை இட்லி முடிந்ததும் காலுக்கடியில் முக்காலி வைத்து 5 முதல் 10 நிமிடம் உட்கார வைத்தாள். வகுப்பு நடக்கும் நேரத்தில், ஆள் இல்லாதபோது போய்வர டீச்சரும் ஒத்துக்கொண்டார்.

சரியானதும் மருந்தைச் சட்டென நிறுத்தினால் மறுபடி அடைக்கலாம். வாந்தியோ வயிறு உப்பலோ ரத்தமோ இருந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.