அழைப்பில் ‘நாம்’ வருமா, ‘நாங்கள்’ வருமா?

கேள்வி: தைப்பூசத்தன்று பினாங்கு தண்ணீர்மலையில் எங்கள் குடும்பம் மோர்ப் பந்தல் போடுகிறது. வாட்ஸ்அப் அழைப்பில் ‘நாம்’ என்று எழுதுவதா, ‘நாங்கள்’ என்று எழுதுவதா?

பந்தல் போடுவதைச் சொல்லும் வாக்கியத்துக்கு ‘நாங்கள்’தான் பொருந்தும். ‘நாம் பந்தல் போடுகிறோம்’ என்றால் படிப்பவரும் பந்தல் போடுவோரில் ஒருவராகிவிடுவதால், செலவில் தமக்கும் பங்கு உண்டோ என்று அவர் தயங்கக்கூடும். மலாய் மொழியில் கேட்பவரைச் சேர்க்காத ‘காமி’, சேர்க்கும் ‘கித்தா’ என்று பிரிப்பதும் இந்த எல்லையில்தான்.

ஆனால் அழைப்பு முழுவதற்கும் ஒரே சொல் வேண்டியதில்லை. நான் இப்படி எழுதுவேன்:

‘தைப்பூசத்தன்று காலை 7 மணி முதல் நாங்கள் தண்ணீர்மலை அடிவாரத்தில் மோர் வழங்குகிறோம். குடும்பத்துடன் வாருங்கள்; 10 மணிக்கு நாம் ஒன்றாக மலையேறி முருகனை வழிபடுவோம்.’

இந்த இரண்டாம் வாக்கியத்தில் ‘நாங்கள்’ வந்தால், அழைக்கப்பட்டவரையே வெளியே நிறுத்தியதுபோல் ஆகிவிடும். எழுவாயை விட்டுவிடுவதும் சரியன்று. ‘-ஓம்’ என்ற வினைமுடிவு இரண்டுக்கும் பொது என்பதால், ‘10 மணிக்கு மலையேறுகிறோம்’ என்பதை மட்டும் படிப்பவருக்குத் தாமும் அதில் சேர்த்தியா என்பது விளங்காது.

நெருங்கிய உறவினருக்கு மட்டும் அனுப்பும்போது, ‘நம் குடும்பப் பந்தல்’ என்று உரிமையோடு எழுதலாம். அலுவலக நண்பர்களுக்கு ‘எங்கள் குடும்பப் பந்தல்’ என்பதே தெளிவு.